யோசெப்பின் வீட்டுத் தக்காளி

கலியாணப் பேச்சு நடக்கிற வீட்டுக்குத் தக்காளிக் கன்று கொண்டுபோய்க் கொடுப்பது அப்படியொன்றும் ஆபத்தான காரியம் இல்லை. அந்தக் கன்றுகளுக்கு நோய் வராத வரைக்கும்.

ஜென்சிக்கு அது ஜூலை மாதக் கடைசியில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம் புரிந்தது. வேலை இடத்தில் சோற்றுப் பெட்டியைத் திறந்த நேரம் டனிஸ்ரன் தொலைபேசியில் வந்தான்.

"சாப்பிட்டிட்டியோ?" என்று கேட்டான்.

அவன் ஒருபோதும் அப்படித் தொடங்குகிறவன் இல்லை. "என்ன நடந்தது?" என்றாள் ஜென்சி.

"ஒண்டும் இல்லை. நீ தந்த தக்காளி எல்லாம் புள்ளி புள்ளியாக் கிடக்கு. கீழ் இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டுது. அம்மா சனிக்கிழமை இருபத்திநாலையும் பிடுங்கி எறியப்போறாவாம்."

"அதுதானோ?"

"அதுதான்."

"டனி."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "நீ நாள் முழுக்க நோய் பிடிச்ச இலையளைத் தடவுற பிள்ளையாம். அந்தக் கையாலை தந்த கண்டு வேறை எப்பிடி இருக்குமாம். செடிக்கே இப்பிடியெண்டா..." மிச்சத்தை ஜென்சி தானே முடித்துக்கொண்டாள். செடிக்கே இப்படியென்றால் குடும்பத்துக்கு எப்படி?

ஜென்சிக்கு முப்பத்தொரு வயது. அவர்கள் குடியேறி வாழும், பிரெஞ்சு பேசும் பனிநாட்டுத் தீவு நகரத்தின் மேற்கு முனையில், விவசாயிகளும் தோட்டக்காரர்களும் அனுப்பும் நோயுற்ற செடிகளைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் ஆறு வருடமாக வேலை. டனிஸ்ரன் மின்சார வேலை செய்பவன். இரண்டு வருடத்துக்கு முன் அங்கே பழுதான விளக்குகளைத் திருத்த வந்தான். ஒரு மணித்தியால வேலைக்கு மூன்று நாள் வந்தான். மூன்றாம் நாள் அவளுடைய மேலாளரே, "அந்த விளக்கில் இன்னும் என்ன இருக்கிறது?" என்று பிரெஞ்சில் கேட்டுவிட்டார்.

போன மாதம்தான் டனிஸ்ரன் விஷயத்தைத் தாயிடம் சொன்னான். யோசெப்பின் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பாப்பம்" என்றாள். அந்தப் பாப்பத்துக்குள்தான் ஜென்சி ஐந்து கிழமையாகக் குடியிருந்தாள்.

இந்தத் தக்காளி சும்மா தக்காளியும் இல்லை. கர்க்லாண்டில் டனிஸ்ரன் வீட்டுப் பின்வளவில் யோசெப்பின் ஒவ்வொரு கோடையும் மரக்கறி போடுவாள். ஓகஸ்ட் மாதம் பூசை முடிந்து கோயில் வாசலில் அவளுடைய காரின் பின்கதவு திறந்தால், சனம் பாதிரியாரிடம் ஆசி வாங்குவதற்கு முன் அங்கேதான் போகும். யோசெப்பின் வீட்டுத் தக்காளி என்றால் அந்தக் கோயில் பங்கு மக்களிடம் அதற்கு ஒரு மதிப்பு. இந்த வருடம், ஜென்சி தன் வீட்டு யன்னலடியில் வளர்த்துக் கொடுத்த இருபத்திநாலு கன்றையும் யோசெப்பின் நம்பி நட்டிருந்தாள்.

"ஒரு இலை கொண்டு வா," என்றாள் ஜென்சி. "இல்லை, நாலைஞ்சு கொண்டு வா. புள்ளி உள்ளதாப் பாத்து."

"பாத்து என்ன செய்யப்போறாய்? மழையாலை வந்தது எண்டு சொல்லிவிடன்."

"அன்ரி சொல்லுறது சரியாவும் இருக்கலாமெல்லோ."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. நோய் கன்றோடு வரலாம். விதையோடும் வரலாம். தன் கையில் குற்றம் இருந்தால் அதை முதலில் கண்டுபிடிப்பவள் தானாக இருக்கவேண்டும் என்று நினைத்தாள்.

அன்று பின்னேரம் டனிஸ்ரன் பாண் பையில் போட்டு இலைகளைக் கொண்டுவந்தான். உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்க்க ஜென்சிக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. சின்னச் சின்ன வட்டப் புள்ளிகள். ஓரம் கடும் கபிலம், நடு சாம்பல். அந்தச் சாம்பலுக்குள் மிளகை இடித்துத் தூவியதுபோலக் கறுப்புப் பொட்டுகள். ஒவ்வொரு பொட்டும் ஒரு பூஞ்சணத்தின் வித்துப் பை. ஒரு துளி தண்ணீர் பட்டால் போதும், உள்ளே இருக்கும் வித்துகள் ஆயிரக்கணக்கில் வெளியே வழிந்துவிடும். தக்காளியில் வரும் இலைப்புள்ளி நோய். கோடை காலத்தில் கிழமைக்கு நாலு தடவை அவள் மேசைக்கு வருவதுதான்.

நோயின் பெயர் தெரிந்துவிட்டது. அது எங்கேயிருந்து வந்தது என்பதுதான் தெரியவேண்டும்.

யோசெப்பினுக்குக் கொடுத்ததுபோக மிஞ்சிய மூன்று கன்றுகள் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஜென்சியின் வீட்டுப் பல்கனியில் நின்றன. அதே விதை, அதே மண், அதே கை. மூன்றும் பச்சைப் பசேலென்று இருந்தன. ஆனாலும் அவளுக்கு அது போதவில்லை. பல்கனிக்கு மேலே கூரை உண்டு. மழை படாத இடத்தில் நோய் இருந்தாலும் வெளியே காட்டாமல் இருக்கும். அதனால் மூன்று செடியிலும் அடி இலைகளைப் பறித்து, ஈரத் தாள் விரித்த பெட்டிக்குள் வைத்து மூடினாள். அந்த ஈரத்துக்குள் ஒளிந்திருக்கிற பூஞ்சணம் வெளியே வந்தே தீரும்.

"சனிக்கிழமை பிடுங்க வேண்டாம், அடுத்த சனிக்கிழமை நான் வந்து பாக்கிறன் எண்டு அம்மாட்டைச் சொல்லு," என்றாள் டனிஸ்ரனிடம். "அதுக்குப் பிறகும் பிடுங்கவேணும் எண்டா நானே வந்து பிடுங்கித் தாறன்."

யோசெப்பின் அதற்கும் "பாப்பம்" என்றாளாம்.

ஒன்பது நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது இலைகள் சோர்ந்திருந்தன. புள்ளி ஒன்றுகூட இல்லை.

சனிக்கிழமை பின்னேரம் ஆறரை மணிக்கு ஜென்சி கர்க்லாண்டில் பின்வளவுக் கதவைத் திறந்தபோது முதலில் கேட்டது பாட்டு. டனிஸ்ரனின் தகப்பன் அருமைநாதன் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, தண்ணீர்க் குழாயைத் தலைக்கு மேலே பிடித்தபடி, தக்காளிச் செடிகளைத் தோய வார்த்துக்கொண்டிருந்தார். உச்சி முதல் அடி வரைக்கும் ஒவ்வொரு இலையும் நனைந்தது. தண்ணீர் மண்ணில் அடித்து, சேறு எழும்பி, கீழ் இலைகளில் ஒட்டியது.

"வாங்கோ பிள்ளை! வெய்யில்லை நிண்டு களைச்சுப்போச்சுதுகள் பாருங்கோ. பின்னேரம் ஒருக்கா முழுகவாத்து விட்டாத்தான் இதுகளுக்கு நித்திரை வரும்."

"ஒவ்வொரு நாளுமோ அங்கிள்?"

"மழை பெஞ்சாலும் விடமாட்டன். மழைத் தண்ணி அடிக்குப் போகாதெல்லோ."

ஜென்சி செடிகளுக்குப் பக்கமாகப் போனாள். நனைந்த செடிக்குள் கை விடாமல், வெளியே நின்றபடி கண்ணால் பார்த்தாள். வேலியோரம் பன்னிரண்டு செடி ஒரு வரிசை. நாலடிப் பாதை. மறுபக்கம் பன்னிரண்டு செடி. நெருக்கி நெருக்கி நட்டிருந்தது. இரண்டு வரிசையிலும் அடி இலைகள் போய்விட்டன, இடுப்புக்கு மேலே இன்னும் பச்சை. பக்கத்தில் போஞ்சிக் கொடி ஒரு புள்ளியும் இல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றது.

பிறகு குந்தியிருந்து மண்ணைப் பார்த்தாள். கறுத்த, நல்ல மண். அதற்குள்ளிருந்து கபில நிறத்தில் ஏதோ குச்சிகள் எட்டிப் பார்த்தன. ஒன்றை இழுத்தாள். இன்னொன்றை இழுத்தாள். உக்கியும் உக்காத பழைய தண்டுகள். பையிலிருந்த உருப்பெருக்கும் கைக்கண்ணாடியை எடுத்துப் பிடித்தவுடன் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

டனிஸ்ரன் பக்கத்தில் வந்து குந்தினான். "என்னது?"

"போன வருசத் தக்காளித் தண்டு. இதையெல்லாம் ஆர் இஞ்சை தாட்டது?"

"அம்மாதான். பொசுக்கெண்டு எறியமாட்டா. தோட்டம் முடிய எல்லாத்தையும் வெட்டி மண்ணுக்குள்ளை புதைச்சு, குழை தாப்பா. அம்மப்பா காலத்திலையிருந்து அப்பிடித்தானாம். ஏன்?"

"இதிலைதான் இருந்திருக்கு."

அவன் திரும்பி வீட்டைப் பார்த்தான். குசினி யன்னலில் யோசெப்பினின் தலை தெரிந்தது. குரலைத் தாழ்த்தினான். "ஜென்சி, கும்பிட்டுக் கேக்கிறன். மழையாலை எண்டு சொல்லு. அம்மாவின்ர குழையாலை வந்தது எண்டு மட்டும் சொல்லிப்போடாதை. நாங்கள் ரெண்டு பேரும் அறுவது வயசிலைதான் கட்டுவம்."

"இப்ப சொல்லாட்டி ஒக்டோபரிலை இந்த இருபத்திநாலையும் வெட்டித் தாப்பா. வாற வருசமும் இதே கதைதான்."

"வாற வருசம் சொல்லன். கட்டினாப் பிறகு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதே நேரம் அந்த யோசனை கொஞ்சம் இனிக்கவும் செய்தது. அது பொய்கூட இல்லை, பாதி உண்மைதான். ஜூலை முழுக்க மழை பெய்தது உண்மைதானே. ஆனால் ஒரு விவசாயி அவளிடம் இலையைக் கொண்டுவந்து கேட்டால் பாதி உண்மையைச் சொல்லி அனுப்புவாளா? மாமியாராக வரப்போகிறவள் என்பதற்காக யோசெப்பினுக்கு மட்டும் ஏன் குறைந்த மருந்து?

யோசெப்பின் தேநீர்த் தட்டோடு வந்தாள். ஒரு குழந்தைகள் காப்பகத்தில் இருபது வருடம் சமையல் செய்த கை. அறுபது பிள்ளைகளை ஒரு பார்வையில் சாப்பிட வைக்கிற கண். அந்தக் கண் ஜென்சியின் கையிலிருந்த தண்டில் நின்றது.

"பாத்தாச்சோ?"

"பாத்தாச்சு அன்ரி."

"உம்முடைய கையிலையிருந்து வரேல்லை எண்டு சொல்லத்தானே வந்தனீர்?"

"வந்திருக்கலாம் எண்டுதான் முதல் நானும் நினைச்சன். என்னட்டை நிக்கிற மூண்டு கண்டின்ர இலையையும் ஒன்பது நாள் ஈரப் பெட்டிக்குள்ளை வைச்சுப் பாத்தன். ஒண்டும் வரேல்லை." ஜென்சி மூச்சை எடுத்தாள். "இது இஞ்சை மண்ணுக்குள்ளை இருந்திருக்கு. நீங்கள் தாட்ட தண்டிலை."

டனிஸ்ரன் வானத்தைப் பார்த்தான். அருமைநாதன் குழாயை மூடினார்.

"இந்த வளவிலை எட்டு வருசமா நான் குழை தாட்டு வாறன்," என்றாள் யோசெப்பின், ஒவ்வொரு சொல்லாக. "எட்டு வருசம் வராத நோய் இந்த வருசம், உம்முடைய கண்டு வந்த வருசம், எப்பிடி வந்தது?"

ஜென்சிக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. இது கோபத்தில் கேட்ட கேள்விதான். ஆனால் ஆய்வுகூடத்தில் புதிதாகச் சேருகிறவர்களில் பாதிப் பேர் கேட்கத் தெரியாத கேள்வி.

"முதல் இதைப் பாருங்கோ," என்று கைக்கண்ணாடியையும் ஒரு புள்ளி இலையையும் நீட்டினாள். யோசெப்பின் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தாள்.

"கறுப்புப் பொட்டு."

"இப்ப தண்டிலை பாருங்கோ."

இன்னும் நெடுநேரம். "அதே பொட்டு," என்றாள், வேண்டாவெறுப்பாக.

"போன வருசம் கடைசியிலை, செப்டெம்பர் மட்டிலை, தக்காளி இலையிலை புள்ளி இருந்ததோ?"

"இருந்தது. காய்ச்சு முடியிற நேரம்தானே, வயசு போனா எல்லாருக்கும் புள்ளி வரும் எண்டு விட்டிட்டன்."

"அதுக்கு முதல் வருசம் இந்தப் பாத்தியிலை என்ன?"

"போஞ்சியும் வெங்காயமும். தக்காளி மற்றப் பக்கம்."

"சரி அன்ரி. இப்ப ஒண்டு கேக்கிறன், கோவியாதைங்கோ. ஒரு கலியாணம் நடக்க என்ன வேணும்?"

டனிஸ்ரனுக்குத் தேநீர் புரைக்கேறியது.

"மாப்பிள்ளையின்ர தாய் ஓம் எண்டு சொல்லவேணும்," என்றார் அருமைநாதன்.

"நீங்கள் சும்மா இருங்கோ," என்றாள் யோசெப்பின். பிறகு ஜென்சியைப் பார்த்து, "பொம்பிளை வேணும், மாப்பிள்ளை வேணும்."

"அது போதுமோ?"

"எங்கை போதும்?" அருமைநாதன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. "என்ர தம்பி ஜனவரியிலை வைச்சவன். பொம்பிளையும் ரெடி, மாப்பிள்ளையும் ரெடி. முழங்காலளவு பனி கொட்டி, பாதிரியாரே வந்து சேரேல்லை. கலியாணம் நிண்டு ரெண்டு கிழமைக்குப் பிறகெல்லோ நடந்தது."

"அதுதான் அங்கிள்!" ஜென்சி கீழே கிடந்த ஒரு கம்பை எடுத்தாள். ஈர மண்ணில் பெரிய முக்கோணம் ஒன்று கீறினாள். "நோயும் அப்பிடித்தான். மூண்டு வேணும். ஒரு மூலையிலை இடம் குடுக்கிற செடி, தக்காளி. மற்ற மூலையிலை நோய்க்கிருமி, இந்தப் பூஞ்சணம். மூண்டாவது மூலையிலை சூழல். ஈரம், சூடு, மழை. மூண்டும் ஒரே நேரத்திலை ஒரே இடத்திலை சந்திச்சாத்தான் நடுவிலை நோய். ஒண்டு இல்லையெண்டாலும் முக்கோணம் இல்லை, நோயும் இல்லை."

யோசெப்பின் முக்கோணத்தைப் பார்த்தாள். "அப்ப மாப்பிள்ளைதான் கிருமியோ?"

"அம்மா!" என்றான் டனிஸ்ரன்.

"உதாரணத்துக்குத்தானே கேக்கிறன்."

"உதாரணத்துக்கு ஓம்," என்றாள் ஜென்சி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "ஆனா அந்த மாப்பிள்ளை எல்லாரையும் கட்டாது அன்ரி. அங்கை பாருங்கோ போஞ்சியை. அதே மண், அதே தண்ணி, ஒரு புள்ளி இல்லை. இந்தப் பூஞ்சணத்துக்குத் தக்காளியும் அதின்ர சொந்தக்காரரும்தான் சரிவரும். போன வருசத்துக்கு முதல் வருசம் இந்தப் பாத்தியிலை தக்காளி இல்லை. ஒரு மூலை இல்லை. போன வருசம் தக்காளி வந்தது, பூஞ்சணமும் எங்கையோ இருந்து வந்திட்டுது. ஆனா கோடை காய்ஞ்ச கோடை. மழை வந்தது செப்டெம்பரிலை. அதாலை கடைசியிலைதான் புள்ளி வந்தது, நீங்கள் வயசு எண்டு விட்டிட்டியள். அந்தத் தண்டை ஒரு சாண் ஆழத்திலை தாட்டு, இளவேனிலிலை கொத்தேக்கை அரைவாசி மேலை வந்திட்டுது. பனிக்குள்ளையும் அது சாகாது. அதுக்கு மேலை திரும்பவும் தக்காளி. பிறகு ஜூலை முழுக்க மழை. மண்ணிலையிருந்து துளி தெறிக்க, வித்து அடி இலைக்கு ஏறும். அடி இலையிலையிருந்து மேல் இலைக்கு. ஏணி மாதிரி."

"மழைக்கு நான் என்ன செய்யிறது?"

"மழைக்கு ஒண்டும் செய்ய ஏலாது. ஆனா..." ஜென்சி அருமைநாதனைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை.

அருமைநாதன் தன் கையிலிருந்த குழாயைப் பார்த்தார். "என்ர முழுக்கோ?"

"வித்து முளைச்சு இலைக்குள்ளை போறதுக்கு இலை கனநேரம் ஈரமா இருக்கவேணும் அங்கிள். நீங்கள் பின்னேரம் வாக்கிறது விடிஞ்சும் காயாது. ஊரிலை அனல் காத்துக்கு அரை மணித்தியாலத்திலை காய்ஞ்சிடும். இஞ்சை ஓகஸ்ட் இரவு புழுக்கம், பனித்துளியும் விழும். நெருக்கி நட்டதாலை காத்தும் போகாது. பூஞ்சணத்துக்கு நீங்கள் ஒவ்வொரு நாளும் மண்டபம் ஒழுங்கு செய்து குடுத்திருக்கிறியள்."

"நான் சொன்னனான்!" யோசெப்பின் திரும்பினாள். "இந்த மனிசன் குளிக்கிறதைவிடக் கூடச் செடியளைக் குளிப்பாட்டுறார் எண்டு சொன்னனானோ இல்லையோ?"

"குழை தாட்டது ஆர்?" என்றார் அருமைநாதன்.

"கண்டு தந்தது ஆர்?" என்றாள் யோசெப்பின்.

"கண்டு தந்தது நான்தான்," என்றாள் ஜென்சி. "இருபத்திநாலும் ஒரே இனம். இந்த நோயைத் தாங்காத இனம். கொஞ்சம் கலந்து தந்திருக்கலாம். அதுவும் ஒரு மூலைதானே. கை விஷயத்திலையும் நீங்கள் முழுக்கப் பிழை இல்லை அன்ரி. செடி ஈரமா இருக்கேக்கை கை விட்டு அளைஞ்சா வித்து கையிலை ஒட்டி அடுத்த செடிக்குப் போகும். அதுதான் நான் வந்ததிலையிருந்து ஒண்டையும் தொடேல்லை."

பக்கத்து வீட்டில் யாரோ இறைச்சி வாட்டும் மணம் வேலி தாண்டி வந்தது. யோசெப்பின் முக்கோணத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். கறிக்கு உப்புப் போதுமோ என்று யோசிக்கிற முகம்.

"வாயாலை சொன்னா ஆரும் சொல்லலாம்," என்றாள் கடைசியில். "ரெண்டு வரிசை நிக்குது. ஒண்டை நீர் சொல்லுற மாதிரிச் செய்யும். மற்றதை இவர் தன்ர பாட்டிலை குளிப்பாட்டட்டும். மூண்டு கிழமை. பேந்து நான் கதைக்கிறன்."

"புள்ளி வந்த இலை திரும்ப மாறாது அன்ரி. புதுசா வாற இலையைத்தான் பாக்கவேணும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியும்," என்றாள் யோசெப்பின், இரண்டு நிமிடத்துக்கு முன் தெரியாததை.

மறுநாள் பூசை முடிய, இலைகள் நன்றாகக் காய்ந்த பிறகு, ஜென்சியும் டனிஸ்ரனும் வேலியோர வரிசையில் வேலை செய்தார்கள். புள்ளி விழுந்த அடி இலைகளை ஒவ்வொன்றாக வெட்டி, நகரசபை எடுத்துப்போகிற தொட்டிக்குள் போட்டார்கள். செடிகளை உயர்த்திக் கட்டி, பக்கக் கிளைகளைக் குறைத்து, காற்றுக்கு வழி விட்டார்கள். மண் தெறிக்காதபடி அடியில் வைக்கோல் பரப்பினார்கள். "காலமை மட்டும், வேருக்கு மட்டும்," என்று ஒரு மட்டையில் எழுதிக் கட்டினாள் ஜென்சி.

"உதை என்ர கழுத்திலை கட்டியிருக்கலாம்," என்றார் அருமைநாதன், தன் வரிசைக்குத் தண்ணீர் அடிக்கப் போகிறபோது.

டனிஸ்ரன் வைக்கோலை உதறியபடி அவளுடைய காதோரம் சொன்னான்: "என்ர கலியாணம் இப்ப ஒரு பூஞ்சணத்தின்ர கையிலை."

"நல்ல பூஞ்சணம். சொன்ன சொல்லு தவறாது."

அப்படித்தான் சொன்னாள். ஆனால் அந்த மூன்று கிழமையும் அவளுக்கு நித்திரை குறைவுதான். ஆய்வுகூடத்தில் பெட்டிக்குள் எல்லாம் சொன்னபடி நடக்கும். வெளியே வானம் இருக்கிறது. இரண்டாவது கிழமை தொடர்ந்து மூன்று நாள் மழை கொட்டியது. வேலியோர வரிசையும்தான் நனைந்தது. ஜென்சி வேலை இடத்து யன்னலில் நின்று மேகத்தோடு சண்டை பிடித்தாள்.

மழை விட்ட மறுநாள் காலை ஏழு மணிக்கு அவளுடைய தொலைபேசி அடித்தது. யோசெப்பின். அந்த இலக்கத்திலிருந்து முதல் அழைப்பு. ஜென்சி எழும்பி உட்கார்ந்துவிட்டாள்.

"பிள்ளை, இந்த மனிசன் களவு செய்யுது!"

"என்ன அன்ரி?"

"குளிப்பாட்டுற வரிசையை விடியக் காலமை ஒளிச்சு நிண்டு அடிக்கு ஊத்துது! இலை கொட்டுறதைப் பாக்க ஏலாமல் இருக்காம், பாவமாம்! நான் சொல்லிப்போட்டன், உங்கடை பாவபுண்ணியத்தைப் பாதிரியாரிட்டைப் பாவசங்கீர்த்தனத்திலை சொல்லுங்கோ, என்ர சோதினையைக் கெடுக்காதைங்கோ எண்டு. இப்ப என்ன செய்யிறது? ரெண்டு நாள் செய்திட்டாராம். கணக்கு பிழைச்சுப்போச்சோ?"

ஜென்சி போர்வைக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். என்ர சோதினை! "பிழைக்காது அன்ரி. அந்த ரெண்டு நாளும் எப்பிடியும் மழைதானே. இண்டையிலையிருந்து பழையபடி வாக்கச் சொல்லுங்கோ."

"நான் பக்கத்திலை நிண்டு வாக்கப் பண்ணுறன். போனை வையும்."

மூன்று கிழமை முடிந்த சனிக்கிழமை, இலைகள் காய்ந்த பத்து மணி. பின்வளவுக் கதவடியிலேயே டனிஸ்ரன் ஜென்சியின் கையைப் பிடித்து அழுத்தினான். இருவரும் உள்ளே போனார்கள்.

பார்த்துச் சொல்ல நிபுணர் தேவையில்லை. அருமைநாதனின் வரிசையில் செடிகள் நெஞ்சளவுக்கு மொட்டையாகி, உச்சியில் மட்டும் ஒரு பிடி இலையோடு, குடை பிடித்த கம்பங்கள் மாதிரி நின்றன. இலை நிழல் இல்லாமல் காய்களில் வெயில் சுட்ட வெள்ளை வடுக்கள். வேலியோர வரிசையில் அடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி இருந்தது. மழை தன் பங்கைச் செய்திருந்தது. ஆனால் அதற்கு மேலே இலைகள் பச்சையாக விரிந்திருந்தன. அந்தப் பச்சைக்குள் தக்காளி குலை குலையாகச் சிவந்திருந்தது.

யோசெப்பின் கழுத்தில் ஜென்சியின் கைக்கண்ணாடி ஒரு நூலில் தொங்கியது. மூன்று கிழமையாக அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. புதிய இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, அருமைநாதனிடம் போய் நின்றாள்.

"என்ன சொல்லுறியள்?"

"நான் தோத்தவன்," என்றார் அருமைநாதன் மிகவும் சந்தோஷமாக. "இனி ஆரையும் முழுகவாக்கிறேல்லை."

யோசெப்பின் ஜென்சி பக்கம் திரும்பினாள். "இந்தத் தண்டெல்லாம் இந்த முறை மண்ணுக்குள்ளை தாக்கிறேல்லை. தொட்டிக்குள்ளைதான். அப்பிடித்தானே?"

"ஓம் அன்ரி. வீட்டுக் குப்பைக் குழியிலையும் போடவேண்டாம், அதுக்குள்ளை கிருமி சாகிற சூடு காணாது. மற்றதைத் தாட்டு விடுங்கோ. போஞ்சி, வெங்காயத் தாள் எல்லாம் நல்ல குழைதான்."

"தக்காளி?"

"ரெண்டு மூண்டு வருசத்துக்கு இந்தப் பாத்தியிலை வேண்டாம். அங்காலை, கராஜ் பக்கம் வெய்யில் விழுற இடத்திலை போடலாம். கொஞ்சம் தள்ளித் தள்ளி. மூண்டு நாலு இனமாக் கலந்து."

"அந்தப் பக்கம் கொத்தவேணுமே. புல்லு."

"கொத்தலாம்."

"ஆர் கொத்துறது? இவருக்கு இடுப்பு. இவன் சனி ஞாயிறு வேலை எண்டு ஓடிவிடுவான்." யோசெப்பின் ஒரு பழத்தைப் பிடுங்கி, சேலைத் தலைப்பு இல்லாததால் மேற்சட்டையில் துடைத்து, ஜென்சியின் கையில் வைத்தாள். "நீர்தான் வந்து எந்த இடத்திலை எதை வைக்கிறதெண்டு சொல்லவேணும். தூரத்திலை பார்க் எக்ஸ்டென்ஷனிலை இருந்து ஒவ்வொரு முறையும் கார் எடுத்து வந்து சொல்லேலாது."

ஜென்சிக்குப் பழத்தைக் கடிக்கிறதா, பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று தெரியவில்லை.

"அப்ப, அன்ரி..."

"கையைப் பற்றி நான் சொன்னது பிழை," என்றாள் யோசெப்பின், செடியைப் பார்த்துக்கொண்டு. "ஆனா என்ர குழையாலை வந்தது எண்டு என்ர மூஞ்சிக்கு நேரை சொன்னீரே. நான் கட்டின இந்த முப்பத்தஞ்சு வருசத்திலை இந்தக் குடும்பத்திலை ஒருத்தரும் எனக்கு அப்பிடிச் சொன்னதில்லை."

"நான் சொல்ல நினைச்சனான்," என்றார் அருமைநாதன்.

"நினைச்சனீங்கள்." அவள் சிரித்துவிட்டாள். சிரித்த முகத்தோடே கேட்டாள்: "உம்முடைய அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலையோ?"

"இல்லை அன்ரி. லீவு."

"பூசைக்குப் பிறகு இஞ்சை சாப்பிட வரச்சொல்லும். கதைக்க இருக்கு."

டனிஸ்ரன் தாயைக் கட்டிப்பிடிக்கப் பாய்ந்தான். "எட்ட நில்லடா, செடி முறியும்!" என்றாள் யோசெப்பின். அவன் நிற்கவில்லை. செடியும் முறியவில்லை. ஜென்சி பழத்தைக் கடித்தாள். சாறு முழங்கைவரை வழிந்தது. அவள் அதைத் துடைக்கவே இல்லை. மறு கையால் தொலைபேசியில் தன் தாயின் இலக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.